பல் மருத்துவமனை அட்டையில் ஏழு விதிகள்

எங்கள் நிறுவனத்தின் பங்குச் சந்தை டெஸ்க்கில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அட்டை அண்ணன் என்றுதான் பேச்சு. அவர் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருந்தார். அங்கே முகவரி மாறியபோது பழைய அட்டைகள் கட்டுக்கட்டாக மிஞ்சிவிட்டன. ஒரு பக்கத்தில் 'உங்கள் அடுத்த வருகை' என்று அச்சடித்து, தேதிக்கும் நேரத்துக்கும் கோடு போட்டிருக்கும். மறுபக்கம் வெறுமை. அந்த வெறுமையில்தான் அவர் எழுதுவார்.

மாதம் இரண்டு மூன்று நாள்தான் எழுதுவார். அரசு வெளியிடும் விலைவாசி எண் வரும் நாள், வேலைவாய்ப்பு எண் வரும் நாள், எப்போதாவது வட்டி விகித நாள். மற்ற நாட்களில் அவரும் எங்களைப் போலவே குறியீட்டு ஃபியூச்சர்ஸை, அதாவது பங்குச் சந்தைக் குறியீட்டின் மேல் போடும் ஒப்பந்தங்களை, வாங்கி விற்றுக்கொண்டு, ஏசி குளிருக்குச் சட்டைக்கு மேல் ஒரு பழைய ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர்தான். ஐம்பத்தொரு வயது. தலையில் மிச்சமிருந்த முடியை மட்டும் மிகுந்த மரியாதையோடு வாரியிருப்பார்.

எண் வரும் நாளில் காலை வந்ததும் காபி கூட எடுக்காமல் அட்டையும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவார். போன மாத அட்டையைப் பார்த்து எழுத மாட்டார். நினைவிலிருந்துதான். "பாத்து எழுதினா கை எழுதும். பாக்காம எழுதினா மனசு எழுதும்" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, தானே கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டோமோ என்பதுபோல மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து நாற்காலி என்னுடையது. அதனால் அட்டை எனக்கும் மனப்பாடம்.

ஒன்று: 2.25க்குக் கை காலி. அதாவது எண் 2.30க்கு வருமென்றால், ஐந்து நிமிடம் முன்பே வாங்கியது விற்றது எல்லாம் முடித்து, நிலை, அதாவது பொசிஷன், பூஜ்யம். இரண்டு: எண் வந்து மூன்று நிமிடம் கை கீபோர்டில் இல்லை. மூன்று: தலைப்பு எண்ணை மட்டும் படிக்காதே, போன மாத எண்ணைத் திருத்தியிருக்கிறார்களா என்று பார். இது அவர் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒரு தடவை வேலைவாய்ப்பு எண் பிரமாதமாக வந்தது, சந்தை எகிறியது, இவரும் பின்னாலேயே ஏறினார். முந்தைய இரண்டு மாத எண்களையும் வெட்டிக் குறைத்திருந்த வரி அதே அறிக்கையில் நான்கு அங்குலம் கீழே இருந்தது. சந்தை அந்த வரியைப் படித்து முடித்ததும் இவரை மட்டும் மேலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டது.

நான்கு என்று எழுதி, பக்கத்தில் ஒன்றும் இருக்காது. அந்த இடத்தில் ஒரு காலத்தில் 'மச்சான் பேச்சைக் கேட்காதே' என்று இருந்ததாம். மச்சான் பேசுவதையே நிறுத்திவிட்டதால் விதி தேவைப்படவில்லை. ஆனால் எண்களை மாற்றி எழுத அவருக்கு மனம் வரவில்லை. "அஞ்சு அஞ்சாத்தான் இருக்கணும். அதுக்குப் பழகிடுச்சு."

ஐந்து: ஸ்டாப்பை வைத்தால் நகர்த்தாதே. ஸ்டாப் என்பது, விலை இந்த இடத்துக்குக் கீழே போனால் என்னைக் கேட்காமல் விற்றுவிடு என்று சந்தையிடம் முன்கூட்டியே கொடுத்து வைக்கும் ஆர்டர். ஆறு: ஓர் அடி வாங்கினால் அன்றைக்குக் கடை மூடியாச்சு. ஏழு: வீட்டில் சொல்ல முடியாததைச் செய்யாதே.

ஐந்தும் ஏழும் ஒரே மதியத்தில் பிறந்தவை. ஏழு வருடத்துக்கு முன், இந்த நிறுவனத்துக்கு வருவதற்கு முன்னால், வீட்டுச் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு சொந்தப் பணத்தில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். எண் வந்த பதினோரு நிமிடத்தில் ஸ்டாப்பை மூன்று முறை கீழே தள்ளினார். ஒவ்வொரு முறையும் 'இங்கேயிருந்து திரும்பிவிடும்' என்று ஒரு காரணம். வீடு வாங்க வைத்திருந்த முன்பணம் அந்தப் பதினோரு நிமிடத்தில் போயிற்று. அதைவிட மோசமான வேலையை அப்புறம் செய்தார். பத்தொன்பது நாள் மனைவியிடம் சொல்லவில்லை. அந்தப் பத்தொன்பது நாளும் இருவரும் சனி ஞாயிறுகளில் வீடு பார்க்கப் போய்க்கொண்டிருந்தார்கள். சமையலறைக்கு ஜன்னல் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அவர் கருத்துக்கூடச் சொல்லியிருக்கிறார்.

விஷயம் தெரிந்தபோது அவர் மனைவி கத்தவில்லையாம். கைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைத்து, "எழுதுங்க. இனிமே எதெல்லாம் செய்ய மாட்டீங்கன்னு எழுதுங்க" என்றாராம். அதுதான் முதல் அட்டை.

இதையெல்லாம் சொல்லக் காரணம், போன இலையுதிர் காலத்தில் ஒரு விலைவாசி எண் நாளன்று நடந்தது. அதற்கு மூன்று மாதம் முன்பு அவர் ஒரு தப்பு செய்திருந்தார். வேலைவாய்ப்பு எண் வரும்போது கையில் நிலை வைத்திருந்தார். அதுவும் அனுமதித்ததைவிடக் கூடுதலாக. அன்று அட்டை எழுதவில்லை. மகளுக்குக் காய்ச்சல், தாமதமாக வந்தார், பேனா எடுக்க நேரமில்லை. வரம்பு மீறல்களைக் கண்காணிக்கும் ரிஸ்க் பிரிவுக்குப் பொறுப்பான அம்மாளை நாங்கள் வார்டன் என்போம். வார்டன் அவருக்குக் கடிதம் கொடுத்தார். எண் வரும் நேரத்தில் கையில் நிலை கூடாது, இன்னொரு முறை மீறல் என்றால் நாற்காலி இல்லை. அவ்வளவுதான் கடிதம், நான்கு வரி.

நாற்காலி இல்லையென்றால் வேலை அனுமதி இல்லை. அனுமதி இல்லையென்றால் அறுபது நாளில் இந்த நாட்டைவிட்டே கிளம்ப வேண்டும். மகள் பள்ளியின் கடைசி வருடத்தில் இருந்தாள். இறுதித் தேர்வுக்கு இன்னும் நான்கு மாதம். நானும் பர்மிட்டில் இருப்பவன்தான். அந்தக் கடிதம் அவருக்கு வந்த அன்று இரவு எனக்கும் தூக்கம் வரவில்லை.

அந்த விலைவாசி எண் நாள் காலை அட்டையை வழக்கத்தைவிட மெதுவாக எழுதினார். எதிர் வரிசையில் இருக்கும் ராக்கெட் எட்டிப் பார்த்தான். எண் வந்த முதல் நொடியிலேயே பாய்வான், மேலே போனாலும் கீழே போனாலும் ஒரே வேகம். அதனால் ராக்கெட்.

"அண்ணே, பல்லு எப்போ புடுங்குறாங்க?"

"ரெண்டரைக்கு. உனக்கும் சேத்துத்தான்."

"எனக்கு மயக்க ஊசி வேணாம்ணே. நேராவே புடுங்கட்டும்."

பதினொரு மணிவாக்கில் 4062இல் இரண்டு கான்ட்ராக்ட் வாங்கினார். 4040இல் ஸ்டாப் வைத்தார். மதியம் முழுவதும் சந்தை மூச்சுப் பிடித்துக்கொண்டு நின்றது, எண் வரும் நாட்களில் அப்படித்தான். 2.24க்கு விலை 4071. இரண்டையும் விற்றார். நிலைப் பெட்டியில் பூஜ்யம். அட்டையில் முதல் வரிக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். நாற்காலியைப் பின்னால் தள்ளி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். இரண்டாம் விதிக்கு அவர் கண்டுபிடித்த வழி அது. பரீட்சை அறையில் பிள்ளைகள் குளிருக்கு உட்காருவார்களே, அந்த மாதிரி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய வாரம் எங்களுக்கு மென்பொருளை மாற்றியிருந்தார்கள். பழையதில், வாங்கியதை விற்றுவிட்டால் அதற்கென்று வைத்த ஸ்டாப் தானாக ரத்தாகிவிடும். புதியதில், ஆர்டர் போடும்போதே இரண்டையும் சேர்த்துக் கட்டும் சின்னக் கட்டத்தில் டிக் செய்தால்தான் அப்படி. இதற்கு ஒரு பயிற்சி வகுப்பு நடத்தினார்கள். எல்லோரும் போயிருந்தோம். பிஸ்கட் நன்றாக இருந்தது.

அவர் கட்டத்தில் டிக் செய்திருக்கவில்லை. வாங்கியது விற்றாகிவிட்டது. 4040இல் விற்கச் சொன்ன ஸ்டாப் மட்டும், காப்பாற்ற எதுவும் இல்லாமல், சந்தையில் உயிரோடு இருந்தது.

கடைசி அரை நிமிடத்தில், எந்த விலையில் எத்தனை ஆர்டர் என்று திரையில் காட்டும் விலை ஏணி காலியாகத் தொடங்கியது. இரு பக்கமும் ஆர்டர் வைத்திருந்த பெரிய ஆட்கள் ஒவ்வொருவராக எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். நூற்றுக்கணக்கில் இருந்த இடங்களில் மூன்று, ஐந்து, இரண்டு என்று நின்றது. ஒலிபெருக்கியில் செய்தி வாசிக்கும் பெண் தொண்டையைச் செருமினாள்.

"விலைவாசி, மாத உயர்வு, பூஜ்யம் புள்ளி ஐந்து. எதிர்பார்ப்பு, பூஜ்யம் புள்ளி மூன்று."

விலைவாசி கூடினால் வட்டியும் கூடும் என்ற பயத்தில் ஏணி உடைந்தது. 4071, 4058, 4047, அப்புறம் நடுவில் எதுவுமே இல்லாமல் 4036. ராக்கெட் எழுந்து நின்றுகொண்டே விற்றான். அட்டை அண்ணன் திரையில் அறிக்கையைத் திறந்து வைத்திருந்தார். போன மாதத் திருத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார், கைகள் தொடைக்கு அடியில்.

நான்தான் முதலில் பார்த்தேன். அவருடைய நிலைப் பெட்டி சிவப்பாக இருந்தது. அதில் பூஜ்யம் இல்லை. மைனஸ் இரண்டு.

"அண்ணே, பொசிஷன பாருங்க."

பார்த்தார். 4040இல் இருந்த ஸ்டாப் வேலை செய்து, 4035இல் இரண்டு கான்ட்ராக்ட் விற்கப்பட்டிருந்தது. கையில் இல்லாததை விற்றிருந்தார், பிறகு வாங்கி அடைக்க வேண்டும். சந்தை இறங்க இறங்க அவருக்கு லாபம். விலை அப்போது 4018.

"இது நான் போடலையே" என்றார். குரல் ரொம்ப சாதாரணமாக இருந்தது.

ராக்கெட் எட்டிப் பார்த்துவிட்டான். "தொடாதீங்கண்ணே! கடவுளா பாத்துக் குடுத்தது. விடுங்க, ஓடட்டும்!"

அவர் கண் அட்டைக்குப் போனது. முதல் வரி, கை காலி. இரண்டாம் வரி, மூன்று நிமிடம் கை கீபோர்டில் இல்லை. ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றை உடைக்க வேண்டும். ஏழு வருடமாக எழுதி வந்த அட்டை இப்படி ஒரு மூலைக்குள் அவரைத் தள்ளியதே இல்லை. உதடு அசைந்தது. "ஒண்ணா, ரெண்டா..." என்று முணுமுணுத்தார். விலை 4014.

பிறகு வலது கையை வெளியே எடுத்தார். மரத்துப்போயிருந்தது போல, இரண்டு தடவை உதறினார். 4011இல் இரண்டையும் திரும்ப வாங்கினார். திரையில் நிலுவையில் இருப்பதைக் காட்டும் ஆர்டர் ஜன்னலைத் திறந்து, அங்கே இனி ஒன்றும் உயிரோடு இல்லை என்று மேலிருந்து கீழாக விரல் வைத்துப் பார்த்தார். மறுபடியும் கையைத் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டார்.

சந்தை நிற்கவில்லை. கால் மணி நேரத்தில் 3950. ராக்கெட்டுக்கு அந்த மாதத்திலேயே சிறந்த நாள். அட்டை அண்ணனுக்கு இருபத்துநான்கு புள்ளி.

"சும்மா இருந்திருந்தா எண்பத்தஞ்சுண்ணே" என்றான் ராக்கெட், துக்கம் விசாரிக்கும் குரலில். "எண்பத்தஞ்சு!"

"அது என்னுது இல்லப்பா."

"யாருது? என்னுதா? குடுங்க, வாங்கிக்கிறேன்." நாற்காலியை உருட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினான். "கேளுங்க. ரெண்டரைக்கு உங்க பெட்டி பூஜ்யம். ரெண்டரை தாண்டி ஒரு செகண்டுல வித்திருக்கீங்க. நம்பரப் பாத்து அடிச்சேன்னு சொல்லுங்க. கடிதத்துல நம்பர் வர்றப்போ பொசிஷன் கூடாதுன்னுதானே இருக்கு? இல்லையே அப்போ! முடிஞ்சுது கதை."

அவன் சொன்னது கெட்ட எண்ணத்தில் இல்லை. கணக்கும் தப்பில்லை. எனக்கே அது நியாயமாகப் பட்டது. அவர் அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வார்டனின் கண்ணாடி அறைக்குப் போனார்.

ஐந்து நிமிடத்தில் என்னையும் கூப்பிட்டார்கள். வார்டன் முன்னால் திரையில் அன்றைய பதிவு. மேசையில் அட்டை, 'உங்கள் அடுத்த வருகை' பக்கம் மேலாக.

"நீங்க பக்கத்து சீட்தானே?" என்றார் வார்டன் என்னிடம். "ரெண்டரைக்கு இவர் கை எங்க இருந்துச்சு?"

"தொடைக்கு அடியில மேடம்."

"எது?"

"கை. ரெண்டும். தொடைக்கு அடியில."

வார்டன் என்னைப் பார்த்தார். சிரிக்கலாமா என்று அவருக்கே தீர்மானம் வரவில்லை. "எப்பவுமே அப்படித்தானா?"

"எண் வர்ற அன்னிக்கு மட்டும் மேடம்" என்றார் அட்டை அண்ணன். ஏதோ நோயின் விவரம் சொல்வது போல.

வார்டன் அட்டையைத் திருப்பிப் படித்தார். "பொசிஷன க்ளோஸ் பண்ணிட்டீங்க. ஆனா ஆர்டர் உள்ள இருந்துச்சு. எண் வர்றப்போ உயிரோட ஒரு ஆர்டர் இருந்தா, அது கை காலியா?"

இதற்குத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். மீறல் இல்லை என்று அட்டை அண்ணன் சொல்லிக்கொள்ள வழி இருந்தது.

"இல்ல மேடம்" என்றார். "காலி இல்ல."

"அப்போ கடிதத்த மீறினதா நீங்களே சொல்றீங்க."

"நான் தெரிஞ்சு மீறல. ஆனா மீறினது நான்தான்."

அறையில் பிரிண்டர் ஒன்று தானாகவே உயிர் பெற்று, எதையோ யோசித்துவிட்டு அடங்கியது. "லாபம் உங்களுக்கு இல்ல, கம்பெனியோட பிழைக் கணக்குக்குப் போகும்" என்றார் வார்டன். "நாற்காலி விஷயம் என் கையில மட்டும் இல்ல. மேல பேசணும். திங்கக்கிழமை சொல்றேன்." ஒரு படிவத்தை நகர்த்தினார். "காரணம்னு இருக்குல்ல, அங்க உங்க வார்த்தையிலயே எழுதுங்க."

அந்தக் கட்டத்தில் அவர் எழுதியதை நான் நின்றபடியே படித்தேன். 'மூடினேன். முடிக்கவில்லை.'

அன்று வியாழன். மற்றதை அவர் மனைவி பின்னொரு நாள் பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் பக்கம் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம், 4062இலிருந்து தொடங்கி. மனைவிக்கு அந்த எண்கள் ஒன்றும் புரியவில்லை. "எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான். அன்னிக்கு நடந்தது அன்னிக்கே சொல்றாரு. பத்தொன்பது நாள் ஆகல." அப்புறம் கேட்டாராம்: "ஆபீஸ்ல சொல்லாம இருந்திருந்தா பிரச்சினை இல்லையா?"

"அனேகமா இருந்திருக்காது."

"அப்போ ஏன் சொன்னீங்க?"

"உன்கிட்ட என்னன்னு சொல்லியிருப்பேன்? நம்பரப் பாத்து அடிச்சேன்னா?"

மகள் உள்ளேயிருந்து, "அப்பா, நாம போறோமா இல்லையா? புத்தகத்துக்கு அட்டை போடணும்" என்று கத்தினாளாம். இருவரும் சத்தமாகச் சிரித்துவிட்டார்களாம். சிரித்து முடித்ததும் அவர் மனைவி சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாராம். சனிக்கிழமை பெட்டிகளின் அளவு என்ன, விமானத்தில் எத்தனை கிலோ என்றெல்லாம் பார்த்து வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

திங்களன்று காலை அவருடைய நாற்காலியில் ஒரு காகிதம் இருந்தது. நாற்காலி அவருடையதே. ஆனால் அடுத்த இரண்டு எண் நாட்களில் அவர் திரையைப் பார்க்க மட்டும் செய்யலாம், ஆர்டர் போட முடியாது. கீழே வார்டன் கையாலேயே ஒரு வரி: 'அந்தக் கட்டத்தில் டிக் செய்யாதவர்கள் டெஸ்க்கில் இன்னும் ஆறு பேர். வியாழனன்று தெரியவந்தது.' அந்த ஆறு பேரில் நானும் ஒருவன். ராக்கெட்டும்தான். அதற்கப்புறம் ஒரு வாரம் அவன் பல்லைப் பற்றிக் கேட்கவில்லை.

அடுத்த வேலைவாய்ப்பு எண் நாளன்று அவர் வழக்கம்போல முன்னதாகவே வந்தார். திரையில் ஆர்டர் பொத்தான்கள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தன, அமுக்கினால் அசையாது. அவர் அட்டையை எடுத்தார்.

"அண்ணே, இன்னிக்கு எதுக்கு?" என்றேன். "உங்களால ஒண்ணும் பண்ண முடியாதே."

"முடியாதப்போ எழுதிப் பழகிட்டா நல்லதுதானே." ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினார். நான்கில் பேனா நின்றது. இத்தனை வருடம் காலியாக விட்டு வைத்திருந்த இடத்தில், 'ஆர்டர் ஜன்னலைத் திற, விரல் வைத்துப் பார்' என்று எழுதினார். இடம் போதாமல் கடைசிச் சொல் ஐந்தாவது வரிக்குள் சரிந்தது.

2.25க்கு, வாங்காத ஒன்றை விற்று முடித்தவரைப் போல, ஆர்டர் ஜன்னலைத் திறந்தார். வெறுமையான அந்தப் பட்டியலில் விரலை மேலிருந்து கீழாக ஓட்டினார். டிக் போட்டார். நாற்காலியைப் பின்னால் தள்ளிக் கைகளைத் தொடைக்கு அடியில் கொடுத்துக்கொண்டார்.

நானும் என் ஆர்டர் ஜன்னலைத் திறந்தேன். அதில் ஆர்டர் ஒன்று உயிரோடு இருந்தது. ரத்து செய்தேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியில் அந்தப் பெண் தொண்டையைச் செருமினாள்.